620 ஜிபி படங்கள்: கிளவுடா, கேபிளா?

கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் இருக்கும் என் மாமாவிடமிருந்து ஒரு நாள் போன். "மாப்ள, புது லேப்டாப் வாங்கியாச்சு. பழசுல இருக்கற படத்தையெல்லாம் இதுக்கு ஏத்தோணும். கடைக்காரத் தம்பி கிளவுடுல போட்டு எடுத்துக்கலாம்ங்கறான். நீ என்ன சொல்றே?"

மாமா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2007-இல் சின்னதாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார். அப்புறம் பெரிய கேமரா, பெரிய லென்ஸ் என்று வளர்ந்துவிட்டது. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரைகள், பாரியூர் குண்டம், வெள்ளோடு ஏரிக்கு வரும் பறவைகள், சொந்தக்காரர் வீட்டுச் சீர் என்று வருடம் தவறாமல் எடுத்துச் சேர்த்திருக்கிறார். பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன, விண்டோஸ் 11 அதில் ஏறாது. அதனால்தான் புதியது. படங்களின் மொத்த அளவு 620 ஜிபி, கிட்டத்தட்ட 96 ஆயிரம் கோப்புகள்.

கடைக்காரத் தம்பி சொன்னதில் தப்பில்லை. புது லேப்டாப்பைத் திறந்து முதல் முறை அமைக்கும்போதே விண்டோஸும் அதைத்தான் சொல்கிறது: பழையதில் இருப்பதை ஒன்டிரைவுக்கு அனுப்பு, புதியதில் வாங்கிக்கொள். ஆனால் அதில் இலவச இடம் 5 ஜிபி. மாமாவுடைய ஒரு கல்யாண ஃபோல்டரே அதைவிடப் பெரியது. ஆக, கிளவுட் என்றால் முதலில் காசு கொடுத்து இடம் வாங்க வேண்டும். 620 ஜிபிக்கு 1 டிபியோ 2 டிபியோ உள்ள திட்டம்தான் சரிப்படும். அது மாதாமாதம் கட்டும் காசு. படங்களை நகர்த்த ஒரு மாதம் மட்டும் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். நிறுத்தலாம்தான், ஆனால் நிறுத்துவதற்கு முன் எல்லாம் கீழே இறங்கிவிட்டதா என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்வதுதான் அங்கே கஷ்டம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. மாமா தோட்டத்துக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. போன் ஹாட்ஸ்பாட்தான், நாளைக்கு 2 ஜிபி. 620 ஜிபியை இரண்டால் வகுத்தால் 310 நாள். ஏற்றி முடிக்க மட்டும் கிட்டத்தட்ட ஒரு வருஷம், இறக்க இன்னொரு வருஷம். "அதுக்குள்ள இந்த லேப்டாப்பும் பழசாயிரும்" என்றார் மாமா.

சரி, லேப்டாப்பை ஈரோட்டுக்கு என் வீட்டுக்கே எடுத்து வந்தால்? என்னிடம் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் இருக்கும் 100 என்பது மெகாபிட். கோப்பின் அளவை நாம் பார்ப்பது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், எனவே எட்டால் வகுக்க வேண்டும். இன்னொன்று, இறக்கும் வேகமும் ஏற்றும் வேகமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. என் வீட்டில் அளந்து பார்த்தபோது இறக்க 95, ஏற்ற 38 தான் வந்தது. 38-ஐ எட்டால் வகுத்தால் விநாடிக்கு 4.75 எம்பி. 620 ஜிபி ஏற 36 மணி நேரம். அப்புறம் புதியதில் இறக்க இன்னொரு 14, 15 மணி நேரம். ஆக மொத்தம் 51 மணி நேரம், அதுவும் நடுவில் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினால். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஜேபெக் கோப்புகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் சர்வரோடு ஒரு பேச்சுவார்த்தை நடந்து முடிந்துதான் அடுத்தது போகும். கணக்கில் வரும் வேகம் கையில் வராது. மூன்று நாள் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

அந்த மூன்று நாளில் எங்கள் பக்கத்து மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தால் காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் மாலையில்தான் வரும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கும், ரவுட்டருக்கு? இன்வர்ட்டர் லைனில் ரவுட்டரைச் சேர்த்திருந்தால் பிழைத்தீர்கள். நின்றாலும் மீண்டும் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது உண்மைதான். ஆனால் மாமா மாதிரி ஒருவர் மூன்று நாளும் திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உண்மையான பயம் வேறு. கிளவுட் செயலி செய்வது சிங்க், அது நகல் எடுப்பது அல்ல. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஒரு பக்கம் அழித்தால் மறு பக்கமும் அழியும். இதை நான் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் என் தங்கச்சியின் லேப்டாப்பில் இடம் நிறைந்துவிட்டது. "அதான் கிளவுடுல இருக்குதே" என்று நான்தான் தைரியமாக ஒரு ஃபோல்டரை அழித்தேன். கிளவுடிலும் போயிற்று, அவள் வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரிலும் போயிற்று. அந்தச் சேவையின் குப்பைத்தொட்டியில் 30 நாள் வைத்திருப்பார்கள். நாங்கள் கவனித்தது இருபத்தி ஆறாம் நாள். நாலு நாள் பிந்தியிருந்தால் என் மருமகளின் முதல் பிறந்தநாள் படங்கள் இன்றைக்கு இல்லை. தப்பு என்னுடையதுதான், சேவை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. புது லேப்டாப்பில் உள்நுழைந்த அரை மணியில் எல்லா ஃபோல்டரும், எல்லாப் படமும் வந்துவிட்ட மாதிரி தெரியும். பெயர் இருக்கும், சின்ன முகப்புப் படமும் தெரியும். பக்கத்தில் ஒரு நீல மேகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோப்பு உங்கள் லேப்டாப்பில் இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது. திறந்தால்தான் இறங்கும். வந்துவிட்டது என்று நம்பிப் பழையதைத் துடைத்து, மாதச் சந்தாவையும் நிறுத்தினால் கையில் மிஞ்சுவது அந்தப் பலகைகள்தான். ஃபோல்டரில் வலது கிளிக் செய்து "Always keep on this device" என்பதைத் தேர்ந்தெடுத்து, குறி பச்சை வட்டமாக மாறும்வரை காத்திருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஃபோல்டரின் Properties-இல் "Size on disk" என்ற வரியைப் பாருங்கள். "Size" 620 ஜிபி என்றும் அது சில எம்பி என்றும் காட்டினால் விஷயம் புரிந்துவிடும்.

இனி கேபிள். "ரெண்டு லேப்டாப்புலயும் டைப்-சி ஓட்டை இருக்குது, போன் சார்ஜர் வயரைப் போட்டா ஆகாதுங்களா?" என்று மாமாவின் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆகாது. சாதாரண டைப்-சி போர்ட்டில் இரண்டு லேப்டாப்பை இணைத்தால் ஒன்று மற்றதை டிஸ்க்காகப் பார்ப்பதில்லை. இரண்டிலும் தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி4 போர்ட் இருந்து, அதற்குரிய கேபிளும் இருந்தால்தான் அவை தமக்குள் ஒரு நெட்வொர்க் அமைத்துக்கொள்ளும். மாமாவின் பழைய லேப்டாப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு முனையிலும் பழைய தட்டை யுஎஸ்பி இருக்கும் கேபிள் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கி இரண்டு லேப்டாப்பையும் மாட்டவே கூடாது. இரண்டு பக்கமும் மின்சாரம் தரும் பக்கம், போர்ட் போய்விடலாம்.

லேன் கேபிள் நேராகப் போடலாம். பழைய காலத்தில் இதற்கென்று குறுக்கு வயர் தேடினோம். கிகாபிட் போர்ட்டுகளுக்கு அது தேவையில்லை, சாதாரண கேபிளே போதும். கிகாபிட் வேகத்தில் விநாடிக்கு 110 எம்பி வரை போகும். ஆனால் புது லேப்டாப்பில் லேன் போர்ட்டே இல்லை, அடாப்டர் வாங்க வேண்டும். அப்புறம் ஃபோல்டரைப் பகிர வேண்டும், ஃபயர்வால் விடாது, தினமும் போடும் நாலு எண் பின் நெட்வொர்க் வழியாக ஏற்காது, கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கேட்கும். மாமாவுக்கு அந்தப் பாஸ்வேர்ட் நினைவில்லை. எனக்கு இந்த வழி பிடிக்கும், ஆனால் போனில் சொல்லித் தரும் வேலை அல்ல. ஒன்று மட்டும்: இந்த வழியில் போய் வேகம் விநாடிக்கு 11 எம்பியில் நின்றுவிட்டால் கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள். கேபிளின் எட்டு இழைகளில் ஒன்று அறுந்திருக்கும், அல்லது வீட்டு ரவுட்டரில் நீங்கள் மாட்டிய போர்ட் 100 மெகாபிட் போர்ட்டாக இருக்கும். சில ரவுட்டர்களில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட்.

கடைசியில் நாங்கள் போனது எளிய வழி: வெளியே மாட்டும் ஒரு எஸ்எஸ்டி, 1 டிபி. பழையதில் மாட்டி ஏற்று, கழற்றிப் புதியதில் மாட்டி இறக்கு. இரண்டு முறை நகல் எடுக்கிறோமே, நேரம் வீண்தானே என்று தோன்றும். ஆனால் வேலை முடிந்தபிறகு நம் கையில் மூன்றாவதாக ஒரு பிரதி இருக்கும். லேன் கேபிள் அதைத் தராது. இதனால்தான் நான் இந்த வழியைச் சொல்கிறேன், வேகத்துக்காக அல்ல. வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 2 டிபி பென்டிரைவ் சில நூறு ரூபாய்க்கு என்று விளம்பரம் வரும். அது 2 டிபி என்று காட்டும், உள்ளே அதில் ஒரு துளிதான் இருக்கும். நிறைந்தபிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், நகல் எடுக்கும்போது பிழை எதுவும் வராது. திறந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே தோட்டத்துக்குப் போய்விட்டேன். எஸ்எஸ்டி பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் வரும். இரண்டும் விண்டோஸ் என்பதால் காலியாக இருக்கும்போதே என்டிஎஃப்எஸ்-க்கு மாற்றினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது வயரை இழுத்துவிட்டால் என்டிஎஃப்எஸ் தாக்குப்பிடிக்கும், எக்ஸ்ஃபேட் அவ்வளவு தாங்காது. பேரன் ஓடி விளையாடும் வீடு.

முதலில் சும்மா ஒரு ஃபோல்டரை இழுத்துப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 34 எம்பி. அந்த வேகத்தில் ஐந்து மணி நேரம் ஆகும். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால் நான் மாட்டியிருந்தது வலது பக்கத்துக் கறுப்பு போர்ட், யுஎஸ்பி 2. இடது பக்கம் உள்ளே நீல நிறத்தில் இன்னொன்று இருந்தது, அது யுஎஸ்பி 3. அதில் மாற்றியதும் 80-ஐத் தொட்டது. அதற்கு மேல் ஏறவில்லை, ஏறவும் ஏறாது. பழைய லேப்டாப்பில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க், அது படிக்கும் வேகமே அவ்வளவுதான். எஸ்எஸ்டி எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தப் பாதியில் பிரயோஜனமில்லை. வாய்க்கால் சின்னது என்றால் மோட்டார் பெரிதாக இருந்து என்ன?

இழுத்துப் போடும் வழியில் முழுவதையும் நகல் எடுக்க நான் விரும்பவில்லை. நடுவில் ஒரு கோப்பில் சிக்கல் வந்தால் அது கேள்வி கேட்டுக்கொண்டு நின்றுவிடும், நாம் சாப்பிடப் போயிருப்போம். விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்று ஒரு கட்டளை இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதைக் கொடுத்தேன்:

```
robocopy D:\Padam E:\Padam /E /DCOPY:DAT /R:1 /W:1 /UNILOG:E:\nakal.txt /TEE
```

D-யில் இருக்கும் Padam ஃபோல்டரை உள்ளே இருக்கும் எல்லாவற்றோடும் எஸ்எஸ்டியான E-க்கு எடு, கோப்புகளின் தேதிகளையும் ஃபோல்டர்களின் தேதிகளையும் மாற்றாதே, படிக்க முடியாத கோப்பென்றால் ஒரு முறை மறுபடி முயன்றுவிட்டு அடுத்ததுக்குப் போ, நடந்ததை nakal.txt-இல் எழுதி வை என்பது பொருள். /R:1 ரொம்ப முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் கெட்டுப்போன ஒரே கோப்பைப் பத்து லட்சம் முறை, முறைக்கு 30 விநாடி இடைவெளி விட்டு முயன்றுகொண்டிருக்கும். UNILOG எதற்கு என்றால், மாமா ஃபோல்டர் பெயரெல்லாம் தமிழில் வைத்திருக்கிறார். வெறும் LOG என்று கொடுத்தால் கோப்பில் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். இணையத்தில் பார்க்கும் உதாரணங்களில் /MIR என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது மூலத்தில் இல்லாததை மறு பக்கத்தில் அழித்துவிடும்.

தேதி விஷயத்தை வேண்டுமென்றே சொல்கிறேன். கேமரா எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த தேதி பதிந்திருக்கும், கோப்பை அப்படியே நகர்த்தினால் போகாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு அது கிடையாது, கோப்பின் வெளித் தேதிதான் ஒரே ஆதாரம். பிரவுசர் வழியாகக் கிளவுடுக்கு ஏற்றி இறக்கினால் அந்தத் தேதி பல சமயம் இறக்கிய நாளாக மாறிவிடும். பத்து வருடத்துப் படமெல்லாம் ஒரே நாளில் எடுத்த மாதிரி வரிசையாக வந்து நிற்கும்.

லேப்டாப் தூங்கப் போகாதபடி அமைத்து, சார்ஜரைப் போட்டுவிட்டு, நாங்கள் தோப்பைச் சுற்றிவிட்டு வந்தோம். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆயிற்று. முடிவில் ஒரு சின்ன அட்டவணை வரும். அதில் FAILED என்ற கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். 3 என்று இருந்தது.

nakal.txt-ஐத் திறந்து ERROR என்று தேடினேன். மூன்று கோப்புக்கும் ஒரே பதில்: ERROR 23, "Data error (cyclic redundancy check)". பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த மூன்று கோப்புகள் இருந்த இடம் கெட்டுப்போயிருக்கிறது. மூன்றும் 2011 அந்தியூர் சந்தை ஃபோல்டர். கிளவுடில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். 96 ஆயிரத்தில் மூன்று மட்டும் ஏறாமல் மூலையில் ஒரு சின்ன எச்சரிக்கைக் குறியோடு நின்றிருக்கும். யார் கவனித்திருப்பார்கள்? "எந்தெந்தப் படம் வரவில்லை" என்று பெயர் சொல்லும் ஒரு தாள் கையில் இருப்பதுதான் எனக்கு மூன்று நாளுக்கும் மூன்று மணிக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாகப் பட்டது.

எஸ்எஸ்டியிலிருந்து புதியதில் இறக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டு பக்கமும் எஸ்எஸ்டி அல்லவா. இறக்கி முடித்து, இறக்குவதற்குக் கொடுத்த அதே கட்டளையை இன்னொரு முறை ஓட்டினேன். Copied கட்டத்தில் 0 வந்தால் பெயர், அளவு, தேதி எல்லாம் பொருந்துகின்றன என்று அர்த்தம். உள்ளடக்கத்தை அது எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதில்லை, அதனால் வருடத்துக்கு நாலைந்து படம் திறந்து பெரிதாக்கியும் பார்த்தோம். பழைய லேப்டாப்பை ஒரு மாதத்துக்கு யாரும் துடைக்கக் கூடாது என்று பீரோ மேலே வைத்துவிட்டேன்.

மாமாவுக்குச் சொன்ன பதில் எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் படங்கள் 50, 60 ஜிபிதான், வீட்டில் நல்ல ஃபைபர் இருக்கிறது என்றால் கிளவுடில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். போனில் எடுத்த படமெல்லாம் ஏற்கெனவே கிளவுடில் இருக்கிறது என்றால் நகர்த்த ஒன்றுமே இல்லை, புதியதில் உள்நுழைந்தால் போதும். பழைய லேப்டாப் மகனோடு பெங்களூரில் இருக்கிறது என்றாலும் கேபிள் பேச்சுக்கு இடமில்லை. புது லேப்டாப்பின் டிஸ்க் 512 ஜிபி மட்டும் என்றால் 620 ஜிபி எந்த வழியாக வந்தாலும் அதில் அடங்காது. அங்கே மேகக் குறிப் பெயர்ப்பலகைகள் உண்மையிலேயே உதவும், அல்லது படங்களை வெளி டிஸ்க்கிலேயே வைத்து வேலை செய்ய வேண்டும். 1 டிபி என்று வாங்கியதுகூட விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும், அதிலும் கொஞ்சம் விண்டோஸுக்கே போகும். வாங்கும் முன் இந்தக் கழித்தலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளவுடை மாமாவுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, நகர்த்தும் வண்டியாக வேண்டாம் என்றுதான் சொன்னேன். வீட்டில் தீ பிடித்தாலோ திருட்டுப் போனாலோ மூன்று பிரதியும் ஒரே பீரோவில் இருந்து என்ன பயன்? 620 ஜிபியில் போனால் திரும்பக் கிடைக்காதது எவ்வளவு என்று உட்கார்ந்து பிரித்தார். ஆத்தா, அப்புச்சி படங்கள், பேரன் பிறந்தது, தேர்ந்தெடுத்த கொஞ்சம் பறவைகள் என்று 40 ஜிபி வந்தது. அது மட்டும் தினம் ஒன்றரை ஜிபியாக போன் ஹாட்ஸ்பாட் வழியாகக் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ்டி பெருந்துறையில் பெண் வீட்டுக்குப் போய்விட்டது.

படிக்க முடியாத அந்த மூன்றில் ஒன்று, ஒரு வெள்ளைக் குதிரையும் அதைப் பிடித்திருக்கும் ஒரு பெரியவரும். அதை மாமா அந்த வருடமே பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் திண்ணையில் மாட்டியிருக்கிறார். மற்ற இரண்டும் எது என்று அவருக்கே நினைவில்லை.